பெரியவர்கள் பேசும் மழலை: எப்போது இனிக்கும், எப்போது கசக்கும்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டிக்கொண்டவரிடம் கைப்பேசியில் பேசுவதைக் கேட்டு நம் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பச்சைக் குழந்தை மாதிரி பேசுதுங்க. எல்லாம் அந்தக் கொரியா நாடகம் பார்த்துக் கெட்டது" என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் மழலை பேசிக்கொள்வது கொரியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு அல்ல. அது எல்லா ஊரிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு அளவும் இடமும் இருக்கிறது. அந்த அளவு தப்பினால் கேட்கிறவர்களுக்குக் குமட்டும். சில நேரம் பேசப்படுகிறவருக்கே அவமானமாகவும் போய்விடும்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பேத்தி கொரிய மொழி முறையாகப் படித்தவள். ஜப்பானிய மொழியும் ஓரளவு தெரியும். விடுமுறைக்குக் கான்சாபுரம் வரும்போதெல்லாம் நான் கேள்வி கேட்பேன், அவள் சலிக்காமல் பதில் சொல்வாள். சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், ஒரு மொழியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அப்படிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

கொரியர்கள் இந்தப் பேச்சுக்கு 'ஏக்யோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்பு, வசீகரம் என்ற இரண்டு சீன எழுத்துகள் சேர்ந்த சொல் அது. பேச்சு மட்டுமல்ல, உதட்டைப் பிதுக்குவது, கன்னத்தில் விரல் வைப்பது, தோளைக் குலுக்குவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் அதன் உயிர் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு கண்டபடி உளறுவது அல்ல, அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

'எனக்குப் பசிக்கிறது' என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'பேகோபாயோ'. கடைசியில் வரும் 'யோ' என்பது நம்முடைய 'ங்க' மாதிரி. பசிக்குது என்பதற்கும் பசிக்குதுங்க என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். காதலனிடம் கொஞ்சுகிற பெண் இதை 'பேகோபாயோங்' என்பாள். கடைசியில் மூக்கொலி ஒன்று ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். குரல் அந்த இடத்தில் கொஞ்சம் ஏறி இறங்கும், இழுத்தும் விடுவாள்.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. கொரிய மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைமுற்று மாறியே தீரும். ஒரு வயது மூத்தவரிடம்கூட மட்டுமரியாதை இல்லாமல் பேசிவிட முடியாது. மரியாதையாகப் பேசினால் நெருக்கம் குறைகிறது, மரியாதையை விட்டால் துடுக்குத்தனம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பெண் 'யோ'வை விடாமல் வைத்துக்கொண்டு அதன் வாலில் ஒரு 'ங்' சேர்க்கிறாள். மரியாதையும் நின்றது, நெருக்கமும் வந்தது. நம் வீடுகளில் "வாங்க" என்பது "வாங்களேன்" என்று நீளும்போது நடப்பதும் இதுதான். 'ங்க' போகவில்லை. ஆனால் அதில் உத்தரவு போய் உரிமை வந்துவிட்டது.

அடுத்தது எழுத்தை மாற்றுவது. 'சாராங்ஹே' என்றால் காதலிக்கிறேன். மழலையில் அது 'தாதாங்ஹே' ஆகிவிடும். 'ச' போய் 'த' வந்தது, 'ர'வும் 'த' ஆனது. பேத்தி இதைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். நம் வீட்டுக் குழந்தை சாதத்தைத் 'தாதம்' என்று கேட்பதும் ராசாவைத் 'தாதா' என்று கூப்பிடுவதும் இதே கணக்குத்தானே! ச, ர போன்ற ஒலிகள் குழந்தை நாக்குக்குத் தாமதமாகத்தான் படியும். கொஞ்சுகிற பெரியவர்கள் யாரும் இலக்கணம் படித்துவிட்டுப் பேசவில்லை. ஆனாலும் எந்த ஒலி குழந்தைக்கு வராதோ சரியாக அதையே தேடிப்பிடித்துக் குழறுகிறார்கள்.

முழு வாக்கியமே இப்படி மாறுவதும் உண்டு. 'பேய்க்கனவு கண்டேன்' என்பது கொரிய மொழியில் 'குவிசின் கும் குவொஸ்ஸொ'. மழலையில் 'கிசிங் குங்கொத்தொ'. 'குவி' என்ற கடினமான தொடக்கம் 'கி' என்று எளிதாகிவிட்டது. 'ன்', 'ம்' இரண்டும் 'ங்' ஆகிவிட்டன. 'ஸ்ஸொ' என்பது 'த்தொ' ஆகிவிட்டது. பயந்து எழுந்த குழந்தை அம்மாவிடம் சொல்வது போன்ற இந்த ஒரு வாக்கியம் கொரியாவில் மிகப் பிரபலம். நடிகர்களையும் பாடகர்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிற்கவைத்துச் 'சொல்லிக் காட்டு' என்று கேட்பார்களாம். 2013-இல் ஹாரி என்ற பாடகி பாடிய 'க்வியோமி' பாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றும் ஒன்றும் கூட்டினால் என்ன என்று விரலால் கன்னத்தைத் தொட்டுக் கணக்குச் சொல்லி உலகத்தையே சுற்றி வந்தது.

ஜப்பானுக்கு வருவோம். அங்கே மரியாதையாக ஒன்றைச் சொல்லி முடிக்க 'தெசு' என்ற சொல் கடைசியில் வரும். குழந்தையிடம் பேசும்போதும், காதலர்கள் விளையாட்டாகப் பேசும்போதும் அது 'தெச்சு' ஆகிவிடும். 'தூக்கம் வருகிறது' என்பது 'நெமுய் தெசு'. கொஞ்சினால் 'ஒனெமு தெச்சு'. இங்கும் கவனியுங்கள், மரியாதைச் சொல் போகவில்லை. அதன் 'சு' மட்டும் 'ச்சு' ஆகியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் சேர்க்கும் 'சான்' என்ற மரியாதைச் சொல் குழந்தை வாயில் 'ச்சான்' ஆகி, அது அப்படியே மொழியில் நிலைத்தும்விட்டது. குழந்தைக்கும் 'ச்சான்', காதலிக்கும் 'ச்சான்'. இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சோற்றுக்கு ஜப்பானியக் குழந்தை சொல்லும் சொல் 'மன்மா', கொரியக் குழந்தை சொல்வது 'மம்மா', நம் குழந்தை சொல்வது 'மம்மம்'. உடனே தமிழிலிருந்துதான் போனது என்று கிளம்பிவிட வேண்டாம். உதட்டை மூடித் திறந்தால் எந்தக் குழந்தைக்கும் முதலில் வருவது அந்த ஒலிதான். பசிக்கும்போது அது வந்தால் பெற்றவர்கள் அதைச் சோறு என்று பொருள் கொள்கிறார்கள்.

ஜப்பானியர்களிடம் இந்தப் பேச்சின் அடியில் இருக்கும் மனநிலைக்கே ஒரு சொல் உண்டு: 'அமாயெ'. இனிப்பு என்ற சொல்லோடு உறவுள்ளது. தோய் தகேயோ என்ற மனநல மருத்துவர் 1971-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் அமெரிக்கா போன புதிதில் ஒரு வீட்டில், "பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல பசிதான். ஆனாலும் முதல் தடவையே சரி என்பது முறையில்லை என்று வேண்டாம் என்றாராம். இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தார். அவர்களோ "சரி" என்று விட்டுவிட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லாமலே நீ தெரிந்துகொள்வாய், என் பலவீனத்தைப் பொறுத்துக்கொள்வாய், என்னைத் தாங்குவாய் என்று ஒருவர் மேல் சாய்ந்துகொள்வதுதான் அமாயெ. நம் 'செல்லம் கொஞ்சுதல்' அதற்கு வெகு பக்கத்தில் வருகிறது. 'செல்லம் கொடுத்துக் கெடுத்தல்' என்றும் நாமே சொல்வதால், இரண்டு பக்கமும் நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஜப்பானில்தான் 1980களின் தொடக்கத்தில் 'புரிக்கோ' என்ற கிண்டல் சொல்லும் பிரபலமானது. சின்னப்பிள்ளை போலப் பாசாங்கு செய்கிறவள் என்று பொருள். 1980-இல் பாட வந்த மட்சுடா செய்கோ என்ற பாடகியைக் குறித்து அந்தச் சொல் அதிகம் அடிபட்டது. ஒரே நாடு, ஒரே பேச்சு. வீட்டுக்குள் ஒருவரிடம் பேசினால் இனிப்பு, ஊருக்கு முன்னால் எல்லோரிடமும் பேசினால் பாசாங்கு. நான் சொல்ல வருவதில் பாதி இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

நம்மிடம் இது இல்லையா என்றால், இருக்கிறது, வேறு உடையில் இருக்கிறது. கொரியப் பெண் காதலனை 'ஒப்பா' என்கிறாள். அதன் நேர்ப்பொருள் அண்ணன். அதை அண்ணா என்று தமிழாக்கினால் கதையே கெட்டுவிடும். ஆனால் நம் பெண்கள் மாமா, மச்சான், அத்தான் என்றார்கள். முறை வேறு, வேலை ஒன்றுதான். சிறு வயதிலிருந்து கூப்பிட்டுப் பழகிய உறவுச்சொல்லை எடுத்துக் கணவன் மேல் சாத்துவது. பிள்ளை பிறந்தபின் கொரியாவில் 'இன்னாரின் அப்பா' என்று பிள்ளை பெயரைச் சொல்லிக் கணவனைக் கூப்பிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பெயரைச் சொல்லாமல் சமாளித்த வழியும் அதுதானே.

ஆண்கள் பக்கம் நமக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. மனைவியை "ஏம்மா" என்போம், மகளையும் "வாடி என் அம்மா" என்போம், கைக்குழந்தையை "என்னப் பெத்த அய்யா" என்போம். பிரெஞ்சுக்காரன் மனைவியைச் செல்லமாக 'மா ப்யூஸ்' என்பான். என் தெள்ளுப்பூச்சியே என்று அர்த்தம்! பள்ளியில் முதன்முதலில் கேட்டபோது வகுப்பே சிரித்தது. அவன் அன்பு வந்தால் ஆளைச் சிறிதாக்குகிறான். நாம் அன்பு வந்தால் ஆளைப் பெற்ற தாயாக்குகிறோம்.

காதலில் குழந்தைக் குரல் எடுப்பதற்கு மிகப் பழைய சாட்சி நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாய்க்குரலில் தாலாட்டும் சப்பாணியும் அப்பூச்சியும் பாடினார். பெரியவர் குழந்தையிடம் பேசும் மொழி அது. அவர் வளர்த்த ஆண்டாள் அதைத் திருப்பிப் பிடித்தார். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் பேசுவது மணலில் சிறு வீடு கட்டி விளையாடும் சிறுமிகள். முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டியதை வந்து மிதிக்காதே என்று கண்ணனிடம் சிணுங்குகிறார்கள். அந்தச் சிணுங்கலுக்குள் காதல் இருப்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஆண்டாள் அந்தக் குரலிலேயே நின்றுவிடவில்லை. குயிலிடமும் மேகத்திடமும் தூது சொல்லும் இடங்களில் சிணுங்கல் இல்லை. பதின்மூன்றாம் திருமொழியில் உயிர் போகிற வேதனையும் கோபமும் நேர்ப்பேச்சாக வந்துவிடுகின்றன. மணல்வீடு உடைவதற்குச் சிணுங்கலாம். வாழ்க்கையே உடைகிற இடத்தில் நிமிர்ந்து நின்று பேச வேண்டும். எந்தக் குரல் எந்த இடத்துக்கு என்று அந்தப் பெண்ணுக்கு இருந்த தெளிவு நமக்கெல்லாம் பாடம்.

வள்ளுவரும் இதைத் தொட்டிருக்கிறார். குழலும் யாழும் இனிது என்பவர்களைப் பற்றிச் சொல்லும் குறளில் அவர் பொதுவாக மழலை இனிது என்று சொல்லவில்லை. தம் மக்களின் மழலை என்கிறார். அந்தத் 'தம்' முக்கியம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தையின் மழலை இரண்டு நிறுத்தத்துக்கு இனிக்கும், மூன்றாவதில் தலை வலிக்கும். பெற்றவளுக்கு மட்டும் ராஜபாளையம் வரை இனிக்கும். புருஷன் பெண்டாட்டி மழலைக்கும் இதுவே விதி. அது இருவருக்காகச் சமைத்த சாப்பாடு. மூன்றாவது ஆளுக்கு அதில் உப்பும் இருக்காது, புளியும் இருக்காது. ஆகவே கேட்டுவிட்டு முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பேச்சு உங்களுக்காக இல்லை. பேசுகிற பிள்ளைகளுக்குச் சொல்வது, அப்படியானால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

புலவி என்ற அதிகாரத்தில் வள்ளுவர் ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு, சிறிது நீண்டாலும் உப்பு மிகுந்த மாதிரி என்கிறார். செல்லமாகக் கோபித்துக்கொள்வதற்குக் கொரிய மொழியில் 'பிஜிதா' என்று தனி வினைச்சொல்லே உண்டு. "நான் கோபம், பேசமாட்டேன்" என்று உதட்டைப் பிதுக்குவது ஏக்யோவில் பெரும் பங்கு. ஐந்து நிமிடம் என்றால் உப்பு. மூன்று நாள் என்றால் சாப்பிட முடியாது.

இனி, அது எங்கே கசக்கிறது என்று பார்ப்போம். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒருவர் மட்டும் விளையாடும் இடம். 2004-இல் வந்த 'கில்லி' படத்தை நினைத்துப் பாருங்கள். முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ் திரிஷாவைச் 'செல்லம்' என்று கூப்பிடுவதை ஊரே பேசிச் சிரித்தது. சொல் என்னவோ அருமையான சொல்தான். ஆனால் அதைச் சொல்கிறவன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறவன், கேட்கிறவள் ஓடுகிறவள். அம்மா சொன்னால் தேனாக இருக்கும் அதே சொல் அங்கே மிரட்டலாக ஒலிக்கிறது. கொரியாவில் பெண்களிடம் "கொஞ்சம் ஏக்யோ காட்டு" என்று கேட்டு வாங்குவதிலும் எனக்கு இதே கசப்பு இருக்கிறது. தானாக வந்தால் அது அன்பு, கேட்டு வாங்கினால் அது ஊழியம். ஒரு பெண் கொஞ்சாமல் நேராகக் கேட்டால் திமிர், கொஞ்சிக் கேட்டால்தான் காரியம் நடக்கும் என்றால், அந்த வீட்டில் அவளுக்கு நேராகக் கேட்கும் உரிமை இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, நேராகப் பதில் சொல்ல வேண்டிய இடம். "சீட்டுப்பணம் எங்கே?" என்று மனைவி கேட்கிறாள். "என் தங்கத்துக்கு என்ன கோபம், பாப்பாவுக்கு மம்மம் வாங்கித் தரட்டுமா?" என்கிறான் கணவன். இதில் மழலைக்கு வேலை என்ன? கேள்வியைக் கரைத்துவிடுவதுதான். கேட்டவளைக் குழந்தையாக்கிவிட்டால் கேள்வியும் குழந்தைக் கேள்வி ஆகிவிடும் அல்லவா! இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கேட்டவர் சிரிக்காமல் அதே கேள்வியை இன்னொரு தடவை நேராகக் கேட்கட்டும். அன்பினால் கொஞ்சியவர் உடனே குரலை மாற்றிக்கொண்டு பதில் சொல்வார். தப்பிக்கக் கொஞ்சியவர் இன்னும் அதிகமாகக் கொஞ்சுவார், அல்லது கோபப்படுவார்.

மூன்றாவது இடம்தான் நம் வயதுக்காரர்களுக்கு நெருக்கமானது. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யில் ஸ்ரீதேவி பேசும் மழலை நம்மில் பலருக்கு இன்னும் காதில் இருக்கும். அது ஏன் இனிக்கும்போதே நெஞ்சைப் பிசைகிறது? அவள் விளையாட்டுக்காகப் பேசவில்லை, வேறு மாதிரிப் பேச அவளுக்கு வழியில்லை. விளையாட்டு என்றால் வேண்டும்போது நிறுத்த முடிய வேண்டும். நிறுத்த முடியாதவரிடம் மழலை பேசும்போது அது விளையாட்டாக இருப்பதில்லை.

படுக்கையில் விழுந்த பெரியவர்களிடம் பலர் பேசும் பேச்சு இந்த வகை. "பாட்டிக்குட்டி சமத்தா மாத்திரை போட்டுக்குவோமா? ஆ காட்டு!" என்று பாட்டுப் பாடும் குரலில் பேசுவார்கள். மனதில் அன்புதான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற செவிலியர் பேராசிரியரும் குழுவினரும் மறதி நோயுள்ள முதியோர் இல்லவாசிகளைப் படம்பிடித்துப் பார்த்து 2009-இல் ஒன்றை வெளியிட்டார்கள். பராமரிப்பவர் குழந்தையிடம் பேசுவது போலப் பேசும்போது, முதியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கையைத் தட்டிவிடுவதும் கூடுதலாக இருந்தது. சாதாரணமாகப் பேசும்போது அது குறைந்தது. பெயர் மறந்தவர்களுக்கும் மரியாதை மறக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். நாற்பத்தைந்து வருடக் குடித்தனம். அவர் கணவர் விளையாட்டுக்காரர், இளமையிலிருந்தே மனைவியிடம் மழலை பேசிச் சீண்டுவார் என்று என் மனைவி சொல்வாள். பார்த்துக்கொள்ள வந்த பெண் நல்ல பெண். "மம்மம் சாப்பிடலாமா பாட்டிம்மா?" என்று கேட்டால் அந்த அம்மா உதட்டை இறுக்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். சாயங்காலம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, "என்ன, இன்னிக்கி மம்மம் வேணாமாக்கும்?" என்று அதே சொல்லைச் சொல்கிறார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் அந்த அம்மா சிரிக்கிறார், இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

சொல் ஒன்றுதான், பின்னே ஏன் இந்த வித்தியாசம்? அண்ணாச்சி வாயில் அந்தச் சொல்லுக்கு நாற்பத்தைந்து வருடத்துக் கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த அம்மாவும் பதிலுக்கு மழலை பேசியிருப்பார், அல்லது "வயசாச்சு, வெட்கமில்ல?" என்று அதட்டியிருப்பார். இரண்டு பேரும் ஆடிய ஆட்டம் அது. அந்தப் பெண் வாயில் அந்தச் சொல் 'நீ இனிமேல் குழந்தைதான்' என்று மட்டும் சொல்கிறது. இன்னொன்றையும் நான் கவனித்தேன். மருந்து மாற்றுவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, வங்கிக் கையெழுத்து போன்ற விஷயங்களுக்கு அண்ணாச்சி மழலை பேசுவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக, "டாக்டர் இப்படிச் சொல்றாரு. உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு, அவர் தலையசைக்கும் வரை காத்திருக்கிறார்.

நாளைக்கு நம்மில் யாரும் அந்தக் கட்டிலிலும் இருக்கலாம், பக்கத்து நாற்காலியிலும் இருக்கலாம். அதனால் வீட்டில் உள்ளவர்களிடமும் வேலைக்கு வருகிறவர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். "போட்டுக்குவோமா" என்று இருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம், மாத்திரை போடுகிறவர் ஒருவர்தான். "இப்பப் போடுறீங்களா, கஞ்சி குடிச்சிட்டுப் போடுறீங்களா?" என்று கேட்டால் போதும். குரலை உயர்த்திப் பாட வேண்டாம், மெதுவாகத் தெளிவாகச் சொன்னால் காது மந்தமானவருக்கும் கேட்கும். அம்மா, ஆச்சி, அய்யா என்று இதுவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிடட்டும்.

மழலையை மட்டும் கட்டியவருக்கு விட்டுவிடுங்கள். கொரியாக்காரி 'யோங்' என்று இழுப்பதும், ஜப்பான்காரன் 'தெச்சு' என்பதும், நம் வீட்டு ஆள் எழுபது வயதில் 'மம்மம்' என்று சீண்டுவதும் அவரவர் வீட்டுக் கணக்கு. பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்போ ஒரு அதட்டலோ வருகிற வரைக்கும் அந்தக் கணக்கில் தவறு இல்லை. அது வராத அன்று மழலையை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று நேராகக் கேளுங்கள்.